முன்னொட்டுத் தேடலுக்கு டிரையா, தேடல் மரமா?

தேடல் பெட்டியில் இரண்டு எழுத்து தட்டியதும் கீழே பத்துச் சொற்கள் விரிய வேண்டும். இதைக் கட்ட உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பாடப்புத்தகம், எழுத்தெழுத்தாகக் கிளைபிரியும் மரமான டிரையில் ஒரு சொல்லைத் தேட O(L) போதும், சமநிலைத் தேடல் மரத்தில் O(L log n) ஆகும் என்று சொல்லிவிடுகிறது. L என்பது சொல்லின் நீளம், n என்பது சொற்களின் எண்ணிக்கை. ஆகவே டிரையே சிறந்தது என்று முடிவுகட்டி எழுதுகிறார்கள். பிறகு சில மெகாபைட் சொற்பட்டியல் நினைவகத்தில் நூற்றுக்கணக்கான மெகாபைட்டாக ஊதி நிற்கிறது.

அந்தச் சூத்திரம் தவறில்லை, ஆனால் இந்த முடிவை எடுக்க அது உதவாது. ஒரு லட்சம் சொற்கள் உள்ள சமநிலை மரத்தில் ஏறக்குறைய 17 ஒப்பீடுகளில் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பத்து யூனிகோடு குறியெண் நீளமுள்ள முன்னொட்டுக்கு டிரையில் பத்துப் படி இறங்க வேண்டும். இரண்டுமே மைக்ரோ விநாடிக் கணக்கு. தட்டச்சு செய்பவருக்குப் பத்து மில்லி விநாடி வித்தியாசமே தெரியாது. முன்னொட்டைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

## எதை வைத்து அளப்பது

நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, முன்னொட்டில் தொடங்கும் எல்லாச் சொற்களும் வேண்டுமா, அவற்றில் அதிகம் பயன்படும் பத்து மட்டும் வேண்டுமா? பரிந்துரைப் பெட்டி என்றால் அநேகமாக இரண்டாவதுதான்.

இரண்டாவது, ஒரு சொல்லுக்கு எத்தனை பைட் செலவிட முடியும்? உலாவியிலோ கைபேசியிலோ ஓடும் நிரலுக்கு இது கறாரான எல்லை. சர்வரில் சற்றுத் தாராளம்.

மூன்றாவது, பட்டியல் மாறுமா? மாறினால் சொற்கள் சேர்கின்றனவா, நீங்குகின்றனவா, எடைகள் மட்டும் ஏறி இறங்குகின்றனவா? மூன்றுக்கும் செலவு வேறு.

நான்காவது, தட்டப்பட்டதை அப்படியே தேடினால் போதுமா, பிழையோடு தட்டினாலும் கண்டுபிடிக்க வேண்டுமா?

எழுதுவது எளிதா என்பதும் ஒரு கேள்விதான். ஆனால் மேலே உள்ள நான்கில் ஒன்று அழுத்தினால் அது பின்வாங்கிவிடும்.

## எட்டுச் சொற்களை வைத்துப் பார்ப்போம்

கீழே எட்டுச் சொற்கள், அடைப்புக்குறிக்குள் அவற்றின் எடை. அதிகம் தேடப்படும் சொல்லுக்கு அதிக எடை.

படகு (40), படம் (95), படி (70), படிப்பு (88), படை (35), பட்டம் (60), பட்டாசு (52), பட்டு (90)

யூனிகோடில் உயிர்மெய் பெரும்பாலும் ஒரே குறியெண் அல்ல. "படி" என்பது ப, ட, ி என மூன்று குறியெண்கள். "பட்டு" என்பது ப, ட, ், ட, ு என ஐந்து. இந்தக் கணக்கில் எட்டுச் சொற்களும் சேர்ந்து 39 குறியெண்கள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் மொத்தம் 117 பைட். மேலே உள்ள வரிசைதான் குறியெண் வரிசையும். புள்ளி (`U+0BCD`) உயிர்க்குறிகளுக்குப் பின்னால் வருவதால் "பட்டம்" முதலான மூன்றும் கடைசியில் நிற்கின்றன.

பயனர் "பட" என்று தட்டியிருக்கிறார், மூன்று பரிந்துரைகள் வேண்டும். சரியான விடை படம், பட்டு, படிப்பு. இதே வேலையை இரண்டிடமும் கொடுத்துப் பார்க்கலாம்.

## தேடல் மரம்

சி++ மொழியின் `std::map`, ஜாவாவின் `TreeMap` இரண்டும் நடைமுறையில் சிவப்பு-கறுப்பு மரங்கள். ஒரு கணுவில் ஒரு முழுச் சொல் இருக்கும், இடப்பக்கம் சிறியவை, வலப்பக்கம் பெரியவை. முன்னொட்டுத் தேடலுக்கென்று இதில் தனியாக எதுவும் எழுத வேண்டாம். குறியெண் வரிசையில் அடுக்கினால் ஒரே முன்னொட்டு கொண்ட சொற்கள் எப்போதும் அடுத்தடுத்தே நிற்கும். முன்னொட்டைவிடச் சிறியதாக இல்லாத முதல் சொல்லுக்குப் போய், முன்னொட்டு பொருந்தும்வரை வலப்பக்கம் நடந்தால் முடிந்தது.

```cpp
auto it = words.lower_bound(p);
while (it != words.end() &&
       it->first.compare(0, p.size(), p) == 0) {
    collect(it);
    ++it;
}
```

`std::string` ஒப்பீடு பைட் பைட்டாக நடக்கிறது. யூடிஎஃப்-8இன் பைட் வரிசையும் குறியெண் வரிசையும் ஒன்றே என்பதால் தமிழுக்கும் இது அப்படியே செல்லும். ஜாவாவில் `map.subMap(p, p + "\uFFFF")` என்று எழுதினால் அதே எல்லை கிடைக்கும்.

"பட" என்ற தேடலுக்கு எட்டுச் சொற்களும் சிக்கும். எட்டையும் படித்து, எடை அதிகமுள்ள மூன்றை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எட்டுச் சொற்களுக்கு இதைவிட வேகமான வழியைத் தேடுவது வீண்.

சிக்கல் குறுகிய முன்னொட்டில் வருகிறது. ஒரு லட்சம் சொற்களில் "ப" என்று மட்டும் தட்டினால் பல்லாயிரம் சொற்கள் பொருந்தலாம். பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் கணுக்கள் நினைவகத்தில் சிதறிக் கிடப்பதால், ஒவ்வொன்றுக்கும் மோசமான நிலையில் 100 நானோ விநாடி பிடித்தால் மொத்தம் 1 மில்லி விநாடி. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் செயலியில் இது கண்ணுக்கே தெரியாது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான தட்டல்கள் வந்து விழும் சர்வரில் ஒரு கோர் முழுவதையும் இதுவே தின்றுவிடும். முதல் எழுத்தை எல்லோரும்தான் தட்டுவார்கள், ஆகவே மிக அதிகமாக வரும் கேள்வியே மிகச் செலவான கேள்வி.

இதற்கு மரத்தை விட்டு ஓட வேண்டியதில்லை. அகலமான முன்னொட்டுகள் என்பவை ஒரு குறியெண், இரண்டு குறியெண் நீளமுள்ளவை மட்டுமே, அவற்றின் எண்ணிக்கை சில ஆயிரத்தைத் தாண்டாது. அவற்றுக்கு மட்டும் முதல் பத்துச் சொற்களை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு ஹாஷ் அட்டவணையில் வைத்துவிடலாம். மூன்றாவது குறியெண்ணிலிருந்து மரம் பார்த்துக்கொள்ளும். டிரைக்குத் தாவுமுன் இதைச் செய்துபார்ப்பது நல்லது. பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

### மறைந்திருக்கும் செலவுகள்

64 பிட் லினக்ஸில், ஜிசிசியோடு வரும் நூலகத்தில் `std::map<std::string, int>` கணு ஒன்று 72 பைட்: மரத்தின் நிறமும் மூன்று பாயின்டர்களும் 32, `std::string` 32, எடையும் இடைவெளியும் 8. ஒதுக்கீட்டுச் செலவோடு 80. அந்த `std::string` 15 பைட் வரைதான் தனக்குள்ளே வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் தனியாக ஓர் ஒதுக்கீடு. ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். தமிழில் 15 பைட் என்பது ஐந்தே குறியெண். "பட்டு" நூலிழையில் உள்ளே நிற்கிறது, 18 பைட் உள்ள "பட்டம்" வெளியே போகிறது. நம் எட்டில் பட்டம், பட்டாசு, படிப்பு மூன்றும் வெளியே, ஆளுக்கு இன்னும் 32 பைட். மொத்தம் 640 + 96 = 736 பைட். தமிழில் இந்த இரண்டாவது ஒதுக்கீடு விதிவிலக்கல்ல, வழக்கம். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் கூடுதலாக ஒரு நினைவகத் தாவலும் அதனால் வருகிறது.

"143 சொற்கள் உள்ளன" என்று எண்ணிக்கை காட்ட நினைப்பவர்கள் `subMap(...).size()` என்று எழுதிவிடுகிறார்கள். `TreeMap` அந்த எண்ணைத் தயாராக வைத்திருப்பதில்லை, துண்டு முழுவதையும் நடந்து எண்ணுகிறது. சி++ மொழியின் `std::distance` செய்வதும் அதையே.

கையால் மரம் எழுதுபவர்களுக்கு வேறொரு பள்ளம். சொற்பட்டியல் கோப்புகள் பெரும்பாலும் அகரவரிசையிலேயே கிடைக்கும். சமநிலைப்படுத்தாத மரத்தில் அதை அப்படியே ஊட்டினால் எல்லாக் கணுக்களும் வலப்பக்கமே தொங்கி, ஒரு லட்சம் நீளமுள்ள சங்கிலியாகிவிடும். ஏற்றுவதற்கே நிமிடக்கணக்கில் எடுத்தாலோ, தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு ஸ்டாக் நிரம்பி விழுந்தாலோ காரணம் இதுதான். உறுதிப்படுத்த மரத்தின் உயரத்தை அச்சிடுங்கள். சிவப்பு-கறுப்பு மரத்தின் உயரம் 2 log₂(n+1)ஐத் தாண்டாது, ஒரு லட்சத்துக்கு அது 34க்குள் இருக்கும்.

பட்டியல் மாறாததாக இருந்தால் மரமே தேவையில்லை. எல்லாச் சொற்களையும் வரிசையாக ஒரே நீள்துண்டில் ஒட்டி, ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தை 4 பைட் எண்ணாக வைத்து, இருமத் தேடல் நடத்தலாம். நம் எட்டுச் சொற்களுக்கு 117 + 32 = 149 பைட், முடிவிடத்துக்கு இன்னும் 4. மேலே சொன்ன 736 பைட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடைகளுக்கு இன்னொரு 32 பைட். கோப்பை நினைவகத்தில் நேரடியாகப் பொருத்திவிட்டால் ஏற்றும் நேரமும் கிட்டத்தட்டப் பூஜ்யம். தேடல் மரத்தின் நன்மைகளில் செருகலும் நீக்கலும் மட்டுமே இதில் இல்லை.

## டிரை

டிரையில் கணுவுக்குள் சொல் இருக்காது. வேரிலிருந்து இறங்கும் பாதைதான் சொல். ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போகும் கிளை ஒவ்வொன்றும் ஒரு குறியெண், "இங்கே ஒரு சொல் முடிகிறது" என்ற அடையாளம் கணுவில் இருக்கும். 1959இல் ரெனே டி லா பிரியாண்டே இந்த அமைப்பை விவரித்தார், 1960இல் எட்வர்ட் ஃப்ரெட்கின் அதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தார்.

நம் எட்டுச் சொற்களும் "பட" வரை ஒரே பாதை. அங்கே க, ம, ி, ை, ் என ஐந்து கிளைகள். "பட்ட" என்ற கணுவில் ம, ா, ு என மீண்டும் மூன்று. மொத்தம் 20 கணுக்கள், வேரோடு 21. பொதுவான முன்பகுதிகள் ஒரே முறைதான் சேமிக்கப்படுகின்றன என்பதால் 39 குறியெண்கள் 20 கணுக்களாகச் சுருங்கின. "பட"வுக்கு இறங்க இரண்டே படி.

இனி முதல் மூன்றை எடுக்க வேண்டும். ஒவ்வொரு கணுவிலும், அதற்குக் கீழே உள்ள சொற்களில் மிக அதிகமான எடை எது என்பதை `best` என்று எழுதிவைத்துவிட்டால், எல்லாச் சொற்களையும் பார்க்கத் தேவையில்லை. முன்னுரிமை வரிசை ஒன்றில் "பட"வின் ஐந்து கிளைகளையும் அவற்றின் `best` மதிப்போடு போடுகிறோம்: ம 95, ் 90, ி 88, க 40, ை 35. பெரியதை எடுத்துக்கொண்டே போகிறோம். 95ஐப் பின்தொடர்ந்தால் "படம்" கிடைக்கிறது. அடுத்து 90, அது "பட்ட" வரை போய் மூன்றாகப் பிரிகிறது: ு 90, ம 60, ா 52. மீண்டும் 90ஐ எடுத்தால் "பட்டு". அடுத்து 88, அது ி என்ற கணு.

பிழை வருவது இந்த இடத்தில்தான். ி கணுவில் "படி" என்ற சொல்லே முடிகிறது. முடிந்துவிட்டதே என்று அதை உடனே விடையில் சேர்த்தால் தவறு, ஏனெனில் "படி"யின் சொந்த எடை 70தான். 88 என்பது அதற்குக் கீழே உள்ள "படிப்பு"க்குச் சொந்தம். ஆகவே சொல் முடியும் கணுவை வெளியே எடுக்கும்போது, அந்தச் சொல்லைத் தன் சொந்த எடையோடு (70) தனி உருப்படியாகவும், கிளைகளை அவற்றின் `best` மதிப்போடும் (88) மீண்டும் வரிசையில் போட வேண்டும். அப்படிச் செய்தால் மூன்றாவதாக "படிப்பு" சரியாக வரும். சிறிய சோதனைகளில் இந்தப் பிழை தெரியாது. ஒரு சொல் இன்னொரு சொல்லின் முன்னொட்டாகவும், அதே சமயம் எடை குறைந்ததாகவும் இருந்தால்தான் பல்லிளிக்கும். சோதனையில் "படி, படிப்பு" போன்ற இணை ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

இந்த முறையில் "க", "ை" கிளைகளைத் தொடவே இல்லை. எட்டுச் சொற்களில் இது பெரிய சேமிப்பல்ல. "ப" என்ற ஒற்றைக் குறியெண்ணுக்குக் கீழே பத்தாயிரம் சொற்கள் இருக்கும்போது, சில நூறு கணுக்களைத் தொட்டாலே முதல் பத்து கைக்கு வந்துவிடும். டிரையின் உண்மையான பலம் இதில் இருக்கிறது.

### நினைவகம் எங்கே போகிறது

பாடப்புத்தக டிரையில் கணு ஒவ்வொன்றிலும் எழுத்துக்கு ஒன்றாகப் பாயின்டர் அட்டவணை இருக்கும். ஆங்கிலச் சிற்றெழுத்துக்கு 26 × 8 = 208 பைட். தமிழ் யூனிகோடு தொகுதி `U+0B80` முதல் `U+0BFF` வரை 128 இடங்கள், ஆகவே 1,024 பைட். 21 கணுக்களுக்கு 21 கிலோபைட், அதுவும் 117 பைட் எழுத்துக்கு. ஒரு லட்சம் சொற்களுக்கு மூன்று லட்சம் கணுக்கள் என்று எடுத்துக்கொண்டாலும் 300 மெகாபைட்டைத் தாண்டும். பெரும்பாலான கணுக்களில் ஒரே ஒரு கிளைதான் என்பதால் அந்த இடத்தில் 99 விழுக்காடு வெறும் பூஜ்யங்கள்.

குறியெண்ணை விட்டுவிட்டு பைட்டைக் கிளையாக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் `E0 AE` அல்லது `E0 AF` என்று தொடங்குகிறது, மூன்றாவது பைட்டில்தான் உண்மையான வேறுபாடு. நம் 20 கணுக்கள் 50 ஆகிவிடும், இறங்கும் ஆழம் மும்மடங்காகும், கூடுதல் கணுக்களில் பெரும்பாலானவை எதையும் பிரிக்காமல் சும்மா நிற்கும்.

நடைமுறைக்கு ஏற்றது, முதல் பிள்ளையையும் அடுத்த உடன்பிறப்பையும் மட்டும் சுட்டும் கணு. பாயின்டருக்குப் பதில், ஒரே பெரிய பட்டியலில் கணுவின் வரிசை எண்.

```cpp
struct Node {
    uint32_t first_child;
    uint32_t next_sibling;
    uint32_t weight;   // 0 என்றால் சொல் இங்கே முடியவில்லை
    uint32_t best;
    uint16_t ch;
};
```

கணுவுக்கு 20 பைட், 21 கணுக்களுக்கு 420 பைட். மரத்தின் 736ஐவிடக் குறைவு, வரிசைப்படுத்திய பட்டியலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கிளையைத் தேட உடன்பிறப்புகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். வேருக்கு அருகே உள்ள சில கணுக்களைத் தவிர மற்றவற்றில் கிளைகள் சொற்பம் என்பதால் இது வலிக்காது. வேருக்கு மட்டும் 128 இட அட்டவணை வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் சுருக்க வேண்டுமானால், ஒற்றைக் கிளைச் சங்கிலிகளை ஒரே கிளையாக இணைத்துவிடலாம். "படி"க்குக் கீழே உள்ள ப, ், ப, ு நான்கும் "ப்பு" என்ற ஒரே கிளையாகும். நம் 20 கணுக்கள் 10 ஆகும். இப்படி இணைத்த அமைப்பில் சொற்களின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கு மேல் கணுக்கள் வராது. டொனால்ட் மாரிசன் 1968இல் வெளியிட்ட பாட்ரீசியா என்ற அமைப்பு இந்த வழியில் வந்ததுதான். விலை என்னவென்றால், புதிய சொல் சேர்க்கும்போது கிளையை நடுவில் வெட்ட வேண்டியிருக்கும். முன்னொட்டு ஒரு கிளையின் பாதியிலேயே முடிவதையும் தேடலில் கவனிக்க வேண்டும். "படிப்" என்று தட்டினால் கணு எதுவும் கிடைக்காது, ஆனால் விடை உண்டு.

### நீக்கமும் எடை மாற்றமும்

மரத்தில் எடையை மாற்றுவது ஒரே இடத்தில் ஓர் எண்ணை மாற்றுவது. டிரையில் `best` இருப்பதால் வேலை மேல்நோக்கியும் போகிறது. எடை ஏறினால் எளிது: வேர் வரை ஒவ்வொரு கணுவிலும் பழைய `best` சிறியதென்றால் புதியதை எழுது. எடை இறங்கினால், பாதையில் உள்ள ஒவ்வொரு கணுவிலும் எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி பார்த்துப் பெரியதைக் கண்டுபிடிக்க வேண்டும். நிரல்களில் ஏறுவதற்கு மட்டும் எழுதிவிட்டு இறங்குவதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மறந்தால் விடை தவறாது, தேடல் மட்டும் மெல்ல மெல்ல மந்தமாகும், ஏனெனில் முன்னுரிமை வரிசை பழைய பெரிய எண்களை நம்பி வெற்றுக் கிளைகளுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

நீக்கமும் அப்படித்தான். "பட்டாசு"வின் முடிவு அடையாளத்தை மட்டும் அழித்தால் ா, ச, ு மூன்று கணுக்களும் அநாதையாக நிற்கும். பயனர் "பட்டா" என்று தட்டினால் கணு இருக்கிறது, விடை எதுவும் இல்லை. "முன்னொட்டு உண்டு, ஆனால் பரிந்துரை பூஜ்யம்" என்ற நிலையை ஓர் எண்ணியில் பதிவுசெய்து வந்தால் இது குவிவது தெரிந்துவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | தேடல் மரம் | வரிசைப்படுத்திய பட்டியல் | டிரை (உடன்பிறப்பு வகை) |
|---|---|---|---|
| எட்டுச் சொற்களுக்கு நினைவகம், எடையோடு | 736 பைட் | 185 பைட் | 420 பைட் |
| முன்னொட்டின் எல்லாச் சொற்களும் | எளிது | எளிது, மிக வேகம் | எளிது, ஆனால் சொல்லைப் பாதையிலிருந்து கட்ட வேண்டும் |
| எடைப்படி முதல் பத்து, குறுகிய முன்னொட்டு | எல்லாவற்றையும் படிக்கும் | எல்லாவற்றையும் படிக்கும், நினைவகத் தாவல் குறைவு | சில கணுக்களே |
| சொல் சேர்த்தல் | மலிவு | மறுபடி கட்ட வேண்டும் | மலிவு |
| எடை குறைதல், நீக்கம் | மலிவு | எடை மலிவு, நீக்கம் கடினம் | பாதை முழுவதும் திருத்தம் |
| பிழையோடு தேடல் | மாற்றுருக்களைத் தனித்தனியே தேட வேண்டும் | அதேபோல் | ஒரே நடையில் |

## பிழையோடு தட்டுபவர்கள்

கடைசி வரிசைக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். ல, ள, ழ குழப்பம், ர, ற குழப்பம், ன, ண குழப்பம் தமிழ்த் தேடலில் அன்றாடம். ஒருவர் "வாலைப்பள" என்று தட்டுகிறார், அவருக்கு வேண்டியது "வாழைப்பழம்". மரத்தில் செய்வதென்றால் இரண்டு இடங்களிலும் மூன்று மூன்று எழுத்தை மாற்றி ஒன்பது முன்னொட்டுகளை உண்டாக்கி ஒன்பது முறை `lower_bound` அழைக்க வேண்டும். ஒன்பது தாங்கும். குழப்ப எழுத்து நான்கு இடங்களில் வந்தால் 81 வரை போகும், அதோடு ஓர் எழுத்து விடுபட்டாலோ கூடினாலோ சேர்த்துக் கணக்கிட்டால் எண்ணிக்கை கையை மீறும்.

டிரையில் "வா"வுக்குக் கீழே ல, ள, ழ என்ற கிளைகளில் இருப்பவற்றுக்குள் மட்டும் இறங்கினால் போதும். இல்லாத சேர்க்கைகள் ஓரிரு படிகளில் தாமாகவே மடிந்துவிடும். எத்தனை எழுத்தைத் திருத்தினால் ஒரு சொல் இன்னொன்றாகும் என்ற திருத்தத் தொலைவைக் கணக்கிடும்போதும், ஒரு கணுவுக்கான கணக்கு வரிசை அதன் கீழே உள்ள எல்லாச் சொற்களுக்கும் பொதுவாகிறது. பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பிழைபொறுத்தல் தேவை என்று நான்காம் கேள்விக்கு விடை வந்தால், மற்ற மூன்றையும் பார்க்காமலே டிரையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன்.

இதற்குத் தலைகீழான கேள்வியிலும் டிரையே சரி: நீளமான எழுத்துத்தொடர் ஒன்றைக் கொடுத்து, அதன் தொடக்கத்தில் பொருந்தும் மிக நீண்ட அகராதிச் சொல் எது என்று கேட்பது. டிரையில் இறங்கிக்கொண்டே போய், கடைசியாகக் கண்ட முடிவு அடையாளத்தை நினைவில் வைத்தால் போதும். மரத்தில் பல தேடல்கள் வேண்டும்.

## எதைத் தேர்ந்தெடுத்தாலும் இடறும் இடங்கள்

"கொ" என்பதை `U+0B95 U+0BCA` என்றும் எழுதலாம், `U+0B95 U+0BC6 U+0BBE` என்றும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. டிரையில் அவை இரண்டு தனிக் கிளைகள், மரத்தில் வெவ்வேறு இடத்தில் நிற்கும் இரண்டு சொற்கள். "கொ" என்று தட்டினால் பாதிச் சொற்கள் காணாமல் போய், "கெ" என்று தட்டினால் அவை எட்டிப்பார்த்தால் காரணம் இதுவே. சேர்க்கும்போதும் தேடும்போதும் `NFC` வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், `U+200B`, `U+200C` போன்ற கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் களைந்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்வது எதுவும் செய்யாததைவிட மோசம்.

இன்னொன்று மரத்துக்கே உரியது. விடைகள் அகராதி வரிசையில் வரட்டும் என்று `TreeMap`க்கு `Collator` ஒன்றை ஒப்பிடுவானாகக் கொடுப்பவர்கள் உண்டு. மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும் வரிசையில் "பக்கம்", "பகல்" என்பதற்கு முன்னால் வரும். "பக" என்று தேடினால் மரம் "பக" நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும். "பக்கம்" அதற்கு முன்னாலேயே கழிந்துபோயிற்று, விடையில் வராது. குறியெண் கணக்கில் "பக" அதன் முன்னொட்டுதான், ஆனாலும் கிடைக்காது. `Collator` சில சமயம் வெவ்வேறு எழுத்துத்தொடர்களைச் சமம் என்று சொல்லிவிடுவதால், ஒரு சொல் இன்னொன்றை அழித்துவிடவும் கூடும். தேடலுக்குக் குறியெண் வரிசை, காட்டுவதற்கு மட்டும் அகராதி வரிசை என்று பிரித்துவிட்டால் தொல்லையில்லை.

ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் "படம்" என்று தட்டும்போது நடுவில் ஒரு கணம் "பட்" என்றாகி, அடுத்த விசையில் "பட" ஆகும். அந்தக் கணத்தில் "படம்" மறைந்து, "பட்டு", "பட்டம்", "பட்டாசு" மட்டும் தோன்றி, மறுபடி மாறும். பெட்டி மினுக்குவதுபோல் தெரியும். முன்னொட்டு புள்ளியில் முடிந்தால் புள்ளியை விட்டுவிட்டுத் தேடி, புள்ளியோடு பொருந்துபவற்றை மேலே வையுங்கள். டிரையில் இது ஒரு கணு மேலே ஏறுவது, மரத்தில் ஒரு குறியெண் குறைந்த முன்னொட்டு.

## யாருக்கு எது

பட்டியல் எப்போதாவது மட்டும் மாறும், தட்டியதை அப்படியே தேடினால் போதும் என்றால் வரிசைப்படுத்திய பட்டியலும், ஓரிரு குறியெண் முன்னொட்டுகளுக்கான ஹாஷ் அட்டவணையும். கைபேசிக்கும் உலாவிக்கும் இதைவிடச் சிறியதைக் கட்டுவது கடினம்.

சொற்கள் நாள் முழுவதும் சேர்ந்தும் நீங்கியும் கொண்டிருக்கின்றன, ஒரு முன்னொட்டுக்குச் சில நூறு சொற்களுக்கு மேல் வராது என்றால் மொழியோடு வரும் சமநிலை மரம். தொடர்புப் பட்டியல், கோப்புப் பெயர்கள், ஒரு நிறுவனத்தின் பொருள் பட்டியல் எல்லாம் இந்த வகை. இதற்கு டிரை எழுதுவது தேவையில்லாத பராமரிப்பு.

பல லட்சம் சொற்கள், எடைப்படி முதல் பத்து, சர்வரில் இடைவிடாத தட்டல்கள் என்றால் `best` வைத்த டிரை. அங்கேயும் நாளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டி மாற்றிவிடுவது, ஓடும் டிரையில் எடையை இறக்குவதையும் சொல்லை நீக்குவதையும்விடப் பாதுகாப்பானது.

இரண்டுக்கும் நடுவே பென்ட்லியும் செட்ஜ்விக்கும் 1997இல் எழுதிய மும்மைத் தேடல் மரம் ஒன்று உண்டு. கணுவில் ஒரு குறியெண், சிறியது, சமம், பெரியது என மூன்று கிளைகள். உடன்பிறப்புகளை வரிசையாகப் பார்ப்பதற்குப் பதில் சிறு தேடல் மரமாக அடுக்குவதுதான் அது. கிளைகள் அதிகம் உள்ள கணுக்களில் பயன் தெரியும். ஆனால் அகரவரிசைக் கோப்பை அப்படியே ஊட்டினால் இதிலும் உடன்பிறப்புகள் ஒருபக்கச் சங்கிலியாகும். நடுச் சொல்லை முதலில் செருகி, பிறகு இரு பாதிகளின் நடுச்சொற்களை என்று பிரித்துப் பிரித்துச் செருக வேண்டும், அல்லது கோப்பைக் கலைத்துவிட்டுச் செருக வேண்டும்.